குணவதியின் உதடுகள்

குணவதியின் முகம் இன்னொரு முறை மாறப்போகிறது என்று கேள்விப்பட்டபோது அங்கயற்கண்ணி பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முகங்கள் வரும், போகும். குரல் அவளுடையது.

'ஏழாம் படி' நாலாயிரம் எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த தொடர். அதில் மூத்த மருமகள் குணவதிக்கு முதல் நாளிலிருந்து பின்னணிக் குரல் கொடுப்பவள் அங்கயற்கண்ணி. முதலில் நடித்த பெண் கல்யாணமாகி துபாய் போனாள். ஒரு திங்கட்கிழமை, குணவதி பூஜையறையிலிருந்து ஆரத்தித் தட்டோடு திரும்பினாள். திரும்பியபோது வேறு முகம். திரையின் கீழே, "குணவதியாக இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி ஓடியது. ஒரு வாரம் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பழைய பெண்ணுக்குத்தான் கண் அழகு என்றார்கள். அடுத்த வாரம் மறந்துபோனார்கள். "எப்படி சார் இவ்வளவு சீக்கிரம் ஏத்துக்கிட்டாங்க?" என்று அப்போது கேட்டவளிடம், திரைக்கதை எழுதும் சிதம்பரநாதன் சொன்னார்: "குரல் மாறலையேம்மா. அடுப்படியில நின்னுக்கிட்டுப் பாதிப் பேரு கேக்கத்தானே செய்யுறாங்க. அவங்களுக்கு குணவதி நீதான்."

அந்த இரண்டாவது முகம் ஷெர்லின். நாகர்கோவில்காரி. அழச் சொன்னால் கிளிசரின் இல்லாமலே அழுவாள். ஆனால் வாயைத் திறந்தால் குமரி மாவட்டம் அப்படியே வந்து விழும். அதனால்தான் அங்கயற்கண்ணியின் குரல். ஏழு வருஷம் ஷெர்லின் படப்பிடிப்பு வீட்டில் உதட்டை அசைத்தாள். அங்கயற்கண்ணி சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரில் அந்த உதடுகளைப் பார்த்துப் பேசினாள். இருவரும் நேரில் சந்தித்தது விருது விழாக்களில் மட்டும்தான். ஆனாலும் ஷெர்லின் எங்கே மூச்சு வாங்குவாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் கீழுதட்டைக் கடிப்பாள் என்பதெல்லாம் அங்கயற்கண்ணிக்கு அத்துப்படி. கூடப் பிறந்தவளைக்கூட ஒருத்தி அப்படிக் கவனித்திருக்க மாட்டாள்.

ஷெர்லின் ஏன் போகிறாள் என்பதும் தெரிந்ததுதான். அவள் மகள் எஸ்தருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கருவி பொருத்தியும் பலன் இல்லை. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்குகிறார்கள். அதற்குத் தாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஊர்ப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மாதத்தில் பாதி நாள் சென்னையில் கால்ஷீட் கொடுத்துக்கொண்டு அது முடியாது. முறைப்படி முன்கூட்டியே சொல்லி, கேக் வெட்டி, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் ஊருக்குப் போனாள்.

அவள் போன மறுவாரம் அங்கயற்கண்ணி தியேட்டருக்குள் நுழைந்து, காதில் ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் ராயப்பனுக்குத் தலையசைத்தாள். திரையில் காட்சி ஓடியது. குணவதி மாடிப்படி இறங்கி வந்தாள். முகம் ஷெர்லினுடையது.

"பழைய சீனா ராயப்பா?"

"இல்லக்கா. நேத்து எடுத்தது."

"ஷெர்லின் ஊருக்குப் போயிட்டாளே."

"அவங்க போயிட்டாங்க. மூஞ்சி போகல." ராயப்பன் சிரிக்கவில்லை. "நிழல்னு பேரு வச்சிருக்காங்க. உடம்புக்கு ஒரு துணை நடிகை சேலை கட்டி நடந்துட்டுப் போவுது. கழுத்துக்கு மேல மெஷின் ஷெர்லின் அக்கா மூஞ்சியப் போட்டுரும். ஏழு வருஷ ஃபுட்டேஜ் கையில இருக்குல்ல? என்ன முகபாவம் வேணும்னாலும் அதுல இருக்கு. நீங்க ஒண்ணு கவனிங்க. உதடு மூடியே இருக்கு."

ஆமாம், குணவதி வாயைத் திறக்கவே இல்லை.

"இனிமே நீங்க உதட்டைப் பாத்துப் பேச வேண்டியதில்லக்கா. நீங்க பேசுங்க. நீங்க பேசுறபடி உதடு அசையும்."

அவள் ஒரு வரி பேசினாள். ராயப்பன் ஏதோ தட்டினான். சற்றுப் பொறுத்து ஷெர்லினின் உதடுகள் அசைந்தன. கீழுதட்டைக் கடிப்பதுகூட அப்படியே. அங்கயற்கண்ணிக்குப் பொம்மலாட்டக்காரனின் விரல் தன் தொண்டைக்குள் இருப்பதுபோல இருந்தது.

மதியம் கேன்டீனில் சிதம்பரநாதனைப் பிடித்தாள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மனசாட்சி உள்ள மனுஷன். ஆனால் மனசாட்சியை வாரம் ஆறு நாள் லீவில் அனுப்பப் பழகியவர்.

"ஏன் சார், வழக்கம்போல வேற ஆளைப் போட்டிருக்கலாமே?"

"போடலாம். வழி எத்தனையோ இருக்கு. நானே எல்லாத்தையும் பண்ணியிருக்கேன்." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு மூணு வாரம்தான் வரமாட்டாங்கன்னா ஊருக்கு அனுப்பிடுவேன். போன்ல பேசுற மாதிரி ஒரு சீன், இந்தப் பக்கம் இருக்கிறவ முகத்தை மட்டும் காட்டுவோம். இல்லன்னா வேற பொண்ணை நிக்க வச்சு முதுகு ஷாட். சம்பளத்துல தகராறுன்னா வெளிநாடு. சின்ன மாப்பிள்ளை சிங்கப்பூர் போனானே, ஞாபகம் இருக்கா? இன்னும் அங்கதான் இருக்கான். வீட்டுல ஒருத்தரும் விசாரிக்கிறதில்ல. மாமனாரா நடிச்சவர் நிஜமாவே செத்துட்டார். அவர் படத்துக்கே மாலை போட்டு, ஒரு வாரம் அழுதோம். ஆள் வேணும், முகம் வேண்டாம்னா ஆக்சிடென்ட். கட்டு போட்டுப் படுக்க வச்சு, பிரிக்கும்போது புது முகம். இல்ல, கதையை அஞ்சு வருஷம் தாவ விட்டா பாதிப் பேரைக் கழட்டி விட்டுரலாம்."

"அப்புறம் என்ன?"

"எல்லாத்துலயும் ரேட்டிங் கொஞ்சம் சறுக்கும். வியாழக்கிழமை நம்பர் வரும்போது சேனல்ல மூஞ்சி சுண்டும். திரும்ப ஏத்துறதுக்கு ஒரு கல்யாணமோ, ஒரு சாவோ, பக்கத்து சீரியல் குடும்பத்தோட ஒரு மகாசங்கமமோ பண்ணணும். நிழல்ல சறுக்கலே இல்ல. போனது யாருக்கும் தெரியாது." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். "சீரியல்ங்கிறது கதை இல்லம்மா. கதைன்னா முடியணும். இது வீடு. ஆளு போகும் வரும், வீடு நிக்கணும். ஆனா எப்பவும் போறவங்களுக்கு வாசல் திறந்துதான் இருந்துச்சு. இப்பத்தான் வாசலை அடைச்சுட்டாங்க."

"ஷெர்லின் இதுக்குச் சம்மதிச்சாளா?"

"சேரும்போதே முகத்தை அளந்து எடுத்தாங்களே, சுத்தி விளக்கு வச்ச கூண்டுக்குள்ள. விளம்பரத்துக்குன்னு சொன்னாங்க. பாத்திரம் தொடர்ற வரைக்கும்னு கையெழுத்து. எல்லாரும்தான் போட்டோம், யாரு படிச்சா?"

அங்கயற்கண்ணி எழுந்து தியேட்டருக்குத் திரும்பினாள். வேலை இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. கோபம் வந்தாலும் மைக் முன்னால் நிற்கும்போது அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷப் பழக்கம்.

மழைக்காலத்தில் ரேட்டிங் இறங்கியது. போட்டிச் சேனலில் புதுத் தொடர். குணவதி இதுவரை படாத பாடு இல்லை. சிறைக்குப் போய் வந்தாள், தாலியைக் கழற்றி மாட்டினாள், தீ மிதித்தாள். நல்லவளாக இனி அவள் படுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. சேனலில் கதைகளுக்குப் பொறுப்பான மிருணாளினி ஒரே வரியில் சொல்லி அனுப்பினாள்: குணவதியை மாற்றுங்கள்.

சாதாரணமாக இதை எந்த நடிகையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஏழு வருஷம் விளக்கேற்றியவள் திடீரென்று விஷம் வைத்தால், கோயிலில் செருப்பு விடும் இடத்தில்கூடத் திட்டு விழும். நடிகை சண்டை போடுவாள், காரணம் கேட்பாள், பாதியை வெட்டச் சொல்வாள். அந்தச் சண்டையிலேயே கதைக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சும். நிழல் சண்டை போடாது. குணவதி ஓரகத்தியின் பழச்சாற்றில் கருக்கலைப்பு மருந்தைக் கலந்தாள். மாமியாரைப் படியில் தள்ளினாள். ரேட்டிங் ஏறியது. ஓரகத்தியின் மூத்த பெண்ணுக்குப் பேச்சு வராது என்று ஒரு கிளைக்கதை முளைத்தது. ஒரு காட்சியில் குணவதி அந்தக் குழந்தையைப் பார்த்துச் சொன்னாள்: "ஊமைப் பிள்ளை வீட்டுக்குப் பிடிச்ச சாபம். பொறந்தப்பவே மூச்சை அமுக்கியிருக்கணும்."

அங்கயற்கண்ணி அதைப் பேச முதலில் மறுத்தாள். வரியை மாற்றச் சொன்னாள். உதவி இயக்குநர் போனில் கேட்டுவிட்டு வந்து, மாற்ற முடியாது, நாளைக்கு ஒளிபரப்பு என்றான். எபிசோடுகள் கையிருப்பில் இல்லாமல் அன்றன்றைக்குச் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் பேசினாள். நன்றாகவே பேசினாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவள் வீட்டு வாசலில் ஷெர்லின் வந்து நின்றாள். முகத்தில் முகமூடி, தலையில் துப்பட்டா.

"ரயில்ல ஒருத்தி என்னை அடையாளம் கண்டு மேல தண்ணிய ஊத்திட்டா அக்கா. அது போட்டும். மீன் சந்தையில காறித் துப்பினாவ. அதும் போட்டும். நம்ம தொழிலு அப்படி." உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். "எஸ்தர் எனக்க வாயப் பாக்க மாட்டேங்கா அக்கா."

அங்கயற்கண்ணிக்குப் புரியவில்லை.

"அவளுக்கு எல்லாமே எனக்க வாய்தான். சோறு உண்ணு, படு, பயப்படாதே, எல்லாத்தையும் எனக்க உதட்டுலதான் படிப்பா. நான் நடிச்சப்போ அவளுக்குத் தெரியும், அம்மா ஆபீஸுக்குப் போய் பொய்க்குப் பேசுதா, வீட்டுக்கு வந்தா நெசம்னு. இப்போ நான் எங்கயும் போவல. அவகூடவே இருக்கேன். ஆனா டிவியில தினமும் புதுசா நான் பேசுதேன். பள்ளிக்கூடம் விட்டதும் அங்க ஆஸ்டல் பிள்ளைகளோட இருந்து பாத்திருக்கா. சத்தம் கேக்காது, உதட்டைப் படிச்சிருக்கா. மூச்சை அமுக்கியிருக்கணும்னு அவ அம்மா சொல்லுகா." ஷெர்லின் அழவில்லை. திரையில் அத்தனை சுலபமாக அழுபவளுக்கு இப்போது கண் வறண்டிருந்தது. "மெஷின்னு நான் எப்படிச் சொல்லிக் குடுப்பேன்? சொல்லணும்னாலும் அவ எனக்க வாயப் பாக்கணும்லா? நான் பேச ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கிடுகா."

அங்கயற்கண்ணி மெதுவாகச் சொன்னாள்: "அந்த உதட்டை அசைச்சது நான்தான் ஷெர்லின். நான் பேசுனபடிதான் அது அசையும்."

"தெரியும் அக்கா. ராயப்பன் அண்ணன் சொன்னாரு. அதுக்காகத்தான் வந்தேன். சண்டை பிடிக்க இல்ல. என்னைக் கொன்னுருங்க. குணவதி செத்துட்டா பிறகு அந்த முகம் பேசாதுல்லா?"

அங்கயற்கண்ணி முதலில் நேர்வழியில் போனாள். மிருணாளினியின் அறை குளுகுளுவென்று இருந்தது. சிறு வயதுதான், மரியாதையாகத்தான் பேசினாள். "நீங்க சொல்றது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா கெட்ட பேர் குணவதிக்குத்தானே, ஷெர்லினுக்கு இல்லையே. எல்லாம் கற்பனைன்னு ஆரம்பத்துல டிஸ்க்ளெய்மர் போடறோம். அந்தக் குழந்தைக்கு வேணும்னா ஒரு கவுன்சிலரை நாங்களே ஏற்பாடு பண்றோம்."

"வேற நடிகையைப் போடுங்க. கீழ ஒரு வரி போட்டா முடிஞ்சுபோச்சு. பண்ணாததா?"

"ஏறிட்டிருக்கிற நேரத்துல முகத்தை மாத்தச் சொல்றீங்களே?" மிருணாளினி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். அந்த ஆச்சரியம்தான் அங்கயற்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாயின் வாயைப் பிடுங்கிக்கொண்டு வந்து, அதற்கு இவர்கள் வாடகை வாங்குகிறார்கள். திருப்பிக் கேட்டால் வியக்கிறார்கள்.

சிதம்பரநாதன் தன்னால் முடிந்ததைச் செய்து பார்த்தார். குணவதியின் காரை மலைப்பாதையில் உருட்டிவிட்டார். எரிந்த கார், அடையாளம் தெரியாத உடல், கொள்ளி, சொம்பு, எல்லாம். அந்த வாரம் நம்பர் எகிறியது. எகிறியதால் மறுவாரமே உத்தரவு வந்தது: காரில் இருந்தது வேறொருத்தி. குணவதி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் விழித்தாள். கண் விழித்து முதலில் சொன்ன வரிக்குக் குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்த அங்கயற்கண்ணி, வாசலில் நின்ற சிதம்பரநாதனைப் பார்த்தாள்.

"என்னால ஒருத்தியக் கொல்லக்கூட முடியலம்மா," என்றார் அவர். "பொணம் கிடைக்காத சாவை எழுதினது என் தப்பு. கிடைச்சிருந்தா இரட்டைப் பிறவின்னு கொண்டு வந்திருப்பாங்க. இல்ல, ஆவி. எப்படிப் போனாலும் அந்த முகத்தை விடமாட்டாங்க."

"அப்ப அந்த முகத்தையே பேச வைப்போம் சார்," என்றாள் அவள்.

அவள் சொன்னது இதுதான். வழக்கமாக நிழலுக்கு முதலில் ஒரு தடவை பேசுவாள். அந்தப் பேச்சைக் கொண்டு மெஷின் உதட்டைச் செய்யும். உணர்ச்சி போதவில்லை என்றால் பிறகு இன்னொரு தடவை பேசுவாள். நீளம் ஒத்துப்போனால் உதட்டை மறுபடி செய்வதில்லை, நேரம் கிடையாது. முதல் தடவை பேசுவது உதட்டுக்கு. இரண்டாம் தடவை பேசுவது காதுக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தெலுங்குப் படத்துக்கும் இந்தித் தொடருக்கும் தமிழ் பேசியவள் அவள். எவளோ எதையோ சொல்லி அசைத்த உதட்டில் வேறு சொல்லைக் கொண்டுபோய்ப் பொருத்துவதுதானே அவள் பிழைப்பே. உதடு ஒட்டும் இடத்தில் பாவோ மாவோ விழுந்தால் போதும். மிச்சத்தைக் காது உள்ளவர்களின் கண் தேடாது.

"முதல்ல ஷெர்லின் தன் பிள்ளைகிட்ட என்ன சொல்லணுமோ அது. அதுக்குப் பொருந்துற மாதிரி குணவதிக்கு நீங்க ஒரு வில்லி வசனம் எழுதிக் குடுங்க."

சிதம்பரநாதன் தன் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. ஷெர்லினிடம் போனில் கேட்டு வாங்கிய சொற்களை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க இருவரும் தியேட்டர் வராந்தாவில் உட்கார்ந்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்து முணுமுணுத்தார்கள். பார்த்தவர்கள் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

காதுக்கான வசனம்: "பாவம் பாத்தது சும்மா இல்ல. தர்மம் என் பக்கத்துல இருக்கு."

உதட்டுக்கானது: "பாப்பா பாரு, இது அம்மா இல்ல. அம்மா உன் பக்கத்துல இருக்கா."

"பாப்பா சரி, அம்மா சரி. 'உன்' வரும்போது உதடு குவியுமேம்மா," என்றார் அவர்.

"குவியட்டும். அதைப் பாக்க வேண்டியவ பாப்பா."

பதிவன்று ராயப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறைத்துச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அவன் கேட்டுவிட்டு, "முதல் டேக்கைப் போட்டு விட்டுட்டு நான் டீ குடிக்கப் போறேன்க்கா. டீ குடிக்கிறப்ப என் காதுல எதுவும் விழாது," என்றான். அவள் முதல் தடவை பேசினாள். எப்போதும் குணவதிக்காகப் பேசும் குரல் அல்ல அது. ஒரு குழந்தையிடம் குனிந்து பேசும் குரல். ஷெர்லினின் உதடுகள் திரையில் பிறந்தன. பிறகு, அந்த உதடுகளின் மேல் இன்னொரு தடவை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தர்மம் தன் பக்கம் என்றாள். நூல் பிசகாமல் உட்கார்ந்தது.

அந்த எபிசோடில் குணவதி அண்மைக்காட்சியில், நேராகக் கேமராவைப் பார்த்து அதைச் சொன்னாள். வீடுகளில் பெண்கள் "பாவி, இவளுக்குத் தர்மம் வேறயா" என்று சபித்தார்கள். நாகர்கோவிலில், தொலைக்காட்சிக்கு முன்னால் எஸ்தரை மடியில் வலுவாகப் பிடித்து உட்காரவைத்திருந்தாள் ஷெர்லின். பிள்ளை முதலில் கண்ணை மூடிக்கொள்ளத்தான் பார்த்தது. பிறகு அந்த வாயில் தன் பெயரைக் கண்டது. வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயரே பாப்பாதான். திரையைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். மறுபடி திரை. பிறகு தாயின் உதடுகளின் மேல் இரண்டு விரல்களை வைத்தாள். ஷெர்லின் பேசினாள். எஸ்தர் கண்ணை மூடவில்லை.

"விரலை எடுக்கவே மாட்டேங்கா அக்கா," என்று அழுதுகொண்டே போனில் சொன்னாள் ஷெர்லின். "ஏழு வருஷத்துல நீங்க எனக்காகப் பேசினதுலயே இதுதான் அக்கா நல்ல வசனம்."

இவர்கள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. காது கேளாதவர் வீடு எஸ்தருடையது மட்டும் இல்லையே. திருச்சியில், சேலத்தில், ராமநாதபுரத்தில், சத்தமில்லாமல் 'ஏழாம் படி' பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அந்த உதட்டைப் படித்திருந்தார்கள். திரையின் கீழே ஓடும் வசன எழுத்து ஒன்று சொல்கிறது, வாய் வேறு சொல்கிறதே என்று திருச்சிக் காதுகேளாதோர் சங்கத்தார் சைகையில் பேசி ஒரு வீடியோ போட்டார்கள். யாரோ அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு அதோடு ஒட்டினார்கள். ஒரு முறை சொல்லிவிட்டால் பிறகு காது உள்ளவர்களுக்கும் அது அப்படித்தான் தெரிந்தது: இது அம்மா இல்லை. அப்படியானால் யார் என்று கேள்வி கிளம்பியது. ஷெர்லின் ஊரில் பிள்ளையோடு இருக்கும் படம் வெளியே வந்தது. இத்தனை மாதம் நாம் திட்டியது ஒரு பெண்ணையா, ஒரு மெஷினையா என்று ஜனங்களுக்கு வந்த கோபத்தில் விளம்பரதாரர்கள் இருவர் விலகினார்கள்.

மிருணாளினி கூப்பிட்டாள். இந்த முறையும் மரியாதைதான். "ஷெர்லின் முகத்தை எடுத்துடறோம். புது ஆர்ட்டிஸ்ட் பாத்தாச்சு. நல்ல முடிவுதானே? நீங்க கேட்டதுதானே?"

"ஆமா. நன்றி."

"நீங்க இனிமே வர வேண்டாம் மேடம்."

அங்கயற்கண்ணி அதை எதிர்பார்த்திருந்தாள். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தாள். சிதம்பரநாதனின் பெயரும் அடுத்த வாரம் டைட்டிலில் இல்லை. அவர் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய், "தூக்கம் நல்லா வருதும்மா" என்று செய்தி அனுப்பினார்.

முகம் மாறும் நாளில் அங்கயற்கண்ணி நாகர்கோவிலில் இருந்தாள். ஷெர்லின் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தாள். மீன்குழம்பு வைத்து, மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தாள். எஸ்தர் வந்தவளின் வாயை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, பிறகு கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

குணவதி கோயில் பிரகாரத்தில் முதுகு காட்டி நடந்தாள். தூணைத் தாண்டினாள். திரும்பினாள். வட்ட முகம், சின்ன நெற்றி, யாரோ புதுப் பெண். கீழே வரி ஓடியது. ஷெர்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். எஸ்தர் திரையைக் காட்டி, தாயைக் காட்டி, கையை விரித்துச் சிரித்தாள்: அம்மா அங்கே இல்லை.

அப்போது புதுக் குணவதி வாயைத் திறந்தாள்.

"மன்னிப்பா? ஊமைப் பிள்ளையப் பெத்தவகிட்ட நான் கேக்கணுமா?"

அங்கயற்கண்ணியின் குரல். மூச்சு வாங்கும் இடம், சொல்லை இழுத்து விடும் விதம், எல்லாம் அவளுடையது. அவள் பேசாத வசனம். நாலாயிரம் எபிசோடு அவள் பேசியது சேனலிடம் இருந்தது. முகத்துக்கு அது போதும் என்றால் குரலுக்குப் போதாதா? இந்த மாற்றத்துக்குக் கீழே எந்த வரியும் ஓடவில்லை. காதில் விழுந்தது அதே குணவதிதான். அடுப்படியில் நின்றுகொண்டு யாரும் தலை திருப்பியிருக்க மாட்டார்கள்.

ஷெர்லின் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு மெல்ல வடிந்துகொண்டிருந்தது. "எப்பக்கா பேசினீங்க இதை?"

"நான் பேசல."

சொன்ன குரலும் திரையில் ஒலித்த குரலும் ஒன்றாகவே இருந்தன. ஷெர்லின் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். நம்ப விரும்பினாள், அவள் காது விடவில்லை. இன்னொரு முறை சொன்னால் இன்னும் மோசமாகும் என்று அங்கயற்கண்ணிக்குத் தெரிந்தது. இனி அவள் சத்தியம் செய்தாலும் அது குணவதி செய்யும் சத்தியம்.

தாயின் முகம் மாறியதைக் கண்டு எஸ்தர் திரும்பி அங்கயற்கண்ணியின் வாயைப் பார்த்தாள்.

அங்கயற்கண்ணி குழந்தையின் பக்கம் குனிந்தாள். தொண்டையிலிருந்து சத்தம் எதுவும் வராமல், உதடுகளை மட்டும் அசைத்து, மெதுவாகச் சொன்னாள்: நான் பேசல.

எஸ்தர் கடைசிச் சொல்வரை படித்தாள். பிறகு தாயின் முழங்கையைத் தட்டி, இல்லை என்று தலையசைத்து, இவள் இல்லை என்று கையால் சொன்னாள்.

ஷெர்லின் எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தாள்.